பத்து மதிப்பெண் வருவித்தலில் நான்கு இடங்கள்

கேள்வி: ஐயா, வணக்கம். பி.எஸ்சி. இயற்பியல் முதலாம் ஆண்டு படிக்கிறேன். பள்ளியில் நன்றாகவே படித்தேன். கல்லூரிக்கு வந்த பிறகு பத்து மதிப்பெண் வருவித்தல் கேள்விகளில் விழுந்துவிடுகிறேன். இரவெல்லாம் உட்கார்ந்து மனப்பாடம் செய்கிறேன். தேர்வில் நான்காவது வரி மறந்தால் அதன் பிறகு கை ஓடுவதில்லை. நூலகத்தில் இன்னொரு புத்தகம் எடுத்துப் பார்த்தேன். அதே சமன்பாட்டை வேறு மாதிரி வருவித்திருந்தார்கள். குழப்பம் கூடியதுதான் மிச்சம். சென்ற உள்தேர்வில் பாய்சொய் சமன்பாட்டுக்கு நான் எழுதிய விடையின் படத்தை இணைத்திருக்கிறேன். பத்துக்கு மூன்று. நீண்ட வருவித்தல்களை எப்படி அணுக வேண்டும் என்று சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

உன் விடைத்தாளை நிதானமாகப் படித்தேன். உனக்குக் கணிதம் வராமல் இல்லை. கடைசிப் பகுதியில் தொகையிடலைப் பிழையில்லாமல் செய்திருக்கிறாய். நீ தடுமாறிய இடங்கள் மூன்று. விசைகளைச் சமப்படுத்தும் வரியில் குறி தவறியிருக்கிறது. திசைவேகத்துக்கான கோவையில் தொகையிடல் மாறிலி காணாமல் போயிருக்கிறது. வெளியேறும் திரவத்தின் பருமனைக் கணக்கிடும்போது, மேலே எடுத்த உருளையையே மறுபடியும் எடுத்திருக்கிறாய். இந்த மூன்றும் கணக்குப் போடும் இடங்கள் அல்ல. நின்று யோசித்து, ஏதோ ஒன்றை முடிவு செய்ய வேண்டிய இடங்கள்.

இருபது வரி வருவித்தலில் நான்கைந்து வரிகளில்தான் இயற்பியல் இருக்கும். மற்ற வரிகள் முந்தைய வரியிலிருந்து தாமாக வந்து விழுபவை. நீ இருபதையும் ஒரே எடையில் மனத்தில் ஏற்றுகிறாய். அதனால் எந்த வரி நழுவினாலும் எல்லாமே நழுவிவிடுகிறது. உன் கணக்கையே எடுத்துக்கொள்வோம். அதில் முடிவு செய்ய வேண்டிய இடங்கள் நான்கு. எதைப் பிரித்தெடுத்துப் பார்ப்பது? அதன்மேல் செயல்படும் விசைகள் ஏன் சமம்? குழாயின் சுவரில் என்ன நடக்கிறது? கடைசியில் எதை எதனோடு கூட்டுவது? இந்த நான்குக்கும் விடை தெரிந்திருந்தால், நடுவிலுள்ள வரிகளைத் தேர்வறையிலேயே உருவாக்கிக்கொள்ளலாம்.

ஆனால் முதல் வரியை எழுதுவதற்கு முன் கடைசி வரியைப் பார்த்துவிடு. எங்கே போய்ச் சேர வேண்டும் என்று தெரிந்துகொண்டு புறப்படுவதில் தவறொன்றும் இல்லை. இந்தச் சமன்பாட்டின் வரலாறே அப்படித்தான். பாய்சொய் ஒரு பிரெஞ்சு மருத்துவர். இரத்த ஓட்டத்தில் இருந்த அக்கறையால், மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் நீரைச் செலுத்தி அளந்து பார்த்தார். ஓட்டம் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்பதை 1840-களில் சோதனை முடிவாகத்தான் வெளியிட்டார். ஹேகன் என்ற ஜெர்மானியப் பொறியாளர் அவரை அறியாமல் 1839-லேயே இதே போன்ற முடிவை வெளியிட்டிருந்தார். நீ இன்று எழுதும் வருவித்தல் அதற்குப் பிறகு வேறு சிலர் செய்தது. விடை முதலில் வந்தது, வழி பின்னால் வந்தது.

ஆகவே விடைத்தாளின் கடைசிப் பக்கத்தில், சோதனைப் பகுதியில், இதை முதலில் எழுதிக்கொள்:

V = πPa⁴ / 8ηl

V என்பது ஒரு விநாடியில் வெளியேறும் திரவத்தின் பருமன். P குழாயின் இரு முனைகளுக்கு இடையிலுள்ள அழுத்த வேறுபாடு, a குழாயின் ஆரம், l நீளம், η பாகியல் எண். இந்த வரியை மறந்துவிட்டாலும் பெரும்பகுதியை மீட்டுவிடலாம். ஓட்டம், ஓரலகு நீளத்துக்கு எவ்வளவு அழுத்தம் குறைகிறது என்பதை, அதாவது P/l-ஐப் பொறுத்தது. பிறகு η, a. இவ்வளவுதான். P/l-இன் பரிமாணம் M L⁻² T⁻². பாகியல் எண்ணின் பரிமாணம் M L⁻¹ T⁻¹. V-க்கு L³ T⁻¹ வர வேண்டும். M போக வேண்டுமென்றால் P/l மேலே ஒரு முறை, η கீழே ஒரு முறை. அப்போது கிடைப்பது L⁻¹ T⁻¹. இன்னும் நான்கு L வேண்டும், ஆகவே a⁴. π/8 என்ற எண் மட்டும் இந்த வழியில் கிடைக்காது. அதற்காகத்தான் மீதி இரண்டு பக்கங்களும்.

இந்த ஒரு நிமிட வேலை இன்னொன்றையும் சொல்லித்தருகிறது. கடைசியில் a⁴ வர வேண்டுமானால், அதற்கு முன் r³ போன்ற ஒன்றைத் தொகையிட்டிருக்க வேண்டும். வளையத்தின் பரப்பு 2πr dr. அதில் ஒரு r இருக்கிறது. மீதி r² திசைவேகத்திலிருந்து வர வேண்டும். சுவரில் திசைவேகம் சுழியாக வேண்டும். ஆகவே திசைவேகம் a² − r² என்ற வடிவில்தான் இருக்கப்போகிறது. நடுவில் வழி தவறினால் இந்தக் குறிப்பு உன்னைத் திருப்பிவிடும்.

இனி முதல் இடத்துக்கு வருவோம். எதைப் பிரித்தெடுப்பது?

உன் புத்தகம், குழாயின் அச்சையே அச்சாகக் கொண்ட r ஆரமுள்ள திண்ம உருளை ஒன்றை எடுக்கிறது. நூலகத்துப் புத்தகம் r-க்கும் r + dr-க்கும் இடைப்பட்ட மெல்லிய கூட்டை எடுத்திருக்கும் என்று நினைக்கிறேன். குழப்பம் இங்கேதான் தொடங்கியிருக்கிறது. இரண்டும் சரி. ஆனால் ஒன்றில் தொடங்கி இன்னொன்றில் முடிக்க முடியாது.

திண்ம உருளையை எடுத்தால், அதற்கு உராய்வு தரும் பரப்பு ஒன்றே ஒன்றுதான்: வெளிப்பக்கம். கூட்டை எடுத்தால் பரப்புகள் இரண்டு. உள்ளே வேகமாகப் போகும் திரவம் கூட்டை முன்னே இழுக்கிறது, வெளியே மெதுவாகப் போகும் திரவம் பின்னே இழுக்கிறது. அந்த இரண்டின் வேறுபாட்டைத்தான் அழுத்த விசை ஈடுகட்டுகிறது. அதனால் அங்கே இரண்டு முறை தொகையிட வேண்டும், இரண்டு மாறிலிகள் வரும், அச்சில் திசைவேகம் முடிவிலியாக முடியாது என்று சொல்லி ஒன்றை நீக்க வேண்டும். திண்ம உருளை வழியில் திசைவேகத்துக்கு ஒரே தொகையிடல் போதும். தேர்வுக்கு நான் அதையே பரிந்துரைப்பேன். எதை எடுத்தாலும் படத்தில் அதையே வரை. உன் விடைத்தாளில் படம் கூட்டைக் காட்டுகிறது, கீழே எழுதியிருப்பது திண்ம உருளைக்கான விசை. திருத்துபவர் முதல் கேள்விக்குறியைப் போட்டது அங்கேதான்.

இரண்டாவது இடம்: விசைகளும் அவை சமமாவதன் காரணமும்.

உருளையை முன்னே தள்ளுவது அழுத்த வேறுபாடு. அது செயல்படுவது வட்ட முகத்தின்மேல், ஆகவே பரப்பு πr². பின்னே இழுப்பது பாகியல் விசை. அது செயல்படுவது பக்கப் பரப்பின்மேல், ஆகவே 2πrl. ஒரே உருளைக்கு இரண்டு பரப்புகள். எந்த விசைக்கு எது என்பதைப் படத்தில் அம்புக்குறி போட்டுக் காட்டிவிட்டால் குழப்பம் வராது. இங்கே a வரவே கூடாது. நாம் பிரித்தெடுத்த உருளையின் ஆரம் r. குழாயின் ஆரமான a இன்னும் கதைக்குள் வரவில்லை. பல விடைத்தாள்களில் இந்த வரியிலேயே πa²P என்று இருக்கும். அதன் பிறகு தொகையிட எதுவும் மிஞ்சாது.

இப்போது குறி. நியூட்டனின் விதிப்படி பாகியல் விசையின் அளவு η × பரப்பு × திசைவேகச் சரிவு. அச்சிலிருந்து சுவரை நோக்கிப் போகப் போக வேகம் குறைகிறது. அதாவது r கூடும்போது v குறைகிறது, ஆகவே dv/dr ஓர் எதிர்மறை எண். விசையின் அளவு நேர்மறையாக வர வேண்டுமானால் முன்னால் ஒரு கழித்தல் குறி வேண்டும்:

P πr² = − η (2πrl) (dv/dr)

நீ கழித்தல் குறி இல்லாமல் எழுதியிருக்கிறாய். அதன்படி தொகையிட்டால் v = (P/4ηl)(r² − a²) என்று வரும். அச்சில், அதாவது r = 0 என்ற இடத்தில், இதன் மதிப்பு எதிர்மறை. திரவம் உயர்ந்த அழுத்தத்தை நோக்கி ஓடுகிறது என்று பொருள்! உனக்கும் அது உறுத்தியிருக்கிறது. அதனால்தான் அடுத்த வரியில் ஓசையில்லாமல் a² − r² என்று மாற்றி எழுதியிருக்கிறாய். திருத்துபவர் அந்த இரண்டு வரிகளையும் சேர்த்து வட்டமிட்டிருப்பதைப் பார். v-க்கான கோவை சரியாக வந்தும் மதிப்பெண் போனதற்கு அதுவே காரணம். இப்படி உறுத்தினால் பின்னால் போய் எந்த வரியில் குறி தவறியது என்று பார்த்து, அங்கே அடித்துத் திருத்து. அடித்துத் திருத்தியதற்கு யாரும் மதிப்பெண் குறைப்பதில்லை.

இன்னொன்று. இரண்டு விசைகளும் சமம் என்று எழுதினாயே, ஏன் சமம்? உன் தாளில் அந்தக் காரணம் இல்லை. ஓட்டம் சீரானது, உருளை முடுக்கம் அடையவில்லை, ஆகவே அதன்மேல் செயல்படும் நிகர விசை சுழி. இந்த ஒரு வாக்கியம்தான் வருவித்தலின் உயிர். அனுமானங்கள் என்று தொடக்கத்தில் ஐந்து வரிகளை ஒப்பித்துவிட்டுப் பிறகு அவற்றை மறந்துவிடுகிறோம். அப்படிச் செய்யாமல், ஒவ்வோர் அனுமானமும் எந்த வரியில் வேலை செய்கிறதோ அங்கேயே அதை எழுது. ஓட்டம் சீரானது என்பது விசைகளைச் சமப்படுத்தும் வரியில். குழாய் கிடைமட்டமாக இருக்கிறது என்பதும் அங்கேதான், ஏனென்றால் அதனால்தான் புவியீர்ப்பு விசையை விட்டுவிட்டோம். ஓட்டம் வரிச்சீரானது என்பது, v-ஐ r மட்டும் சார்ந்ததாக எழுதும்போது. சுவரை ஒட்டிய திரவம் அசையாது என்பது எல்லைகளைப் போடும்போது. இப்படிப் பழகினால் அனுமானங்களைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை.

அடுத்த வரி வெறும் சுருக்கல்:

dv/dr = − Pr / 2ηl

தொகையிட்டால்:

v = − Pr² / 4ηl + C

மூன்றாவது இடம் இந்த C. இதைத்தான் நீ விட்டுவிட்டாய். மாறிலியைக் கணிதச் சடங்காக நினைக்காதே. தொகையிட்ட வரி, வேகம் r-ஐப் பொறுத்து எப்படி மாறுகிறது என்பதை மட்டுமே சொல்கிறது. எங்கே எவ்வளவு வேகம் என்பதை அது சொல்லாது. அதைச் சொல்வது குழாயின் சுவர். சுவரை ஒட்டிய திரவப் படலம் கண்ணாடியோடு ஒட்டி நிற்கிறது: r = a என்றால் v = 0. இங்கேதான் முதல் முறையாக a உள்ளே வருகிறது. C = Pa²/4ηl என்று கிடைக்கும், ஆகவே

v = (P/4ηl)(a² − r²)

வருவித்தலில் புதிய எழுத்து ஒன்று நுழையும் ஒவ்வோர் இடத்திலும் நின்று, இது எந்த வாசல் வழியாக வந்தது என்று கேட்டுப் பார். a வந்தது சுவர் வழியாக. l-உம் η-வும் வந்தது பாகியல் விசை வழியாக. P வந்தது வட்ட முகத்தின் வழியாக. கடைசிச் சமன்பாட்டில் இருக்க வேண்டிய எழுத்து ஒன்று நடுவழியில் எங்கும் நுழையாமலே போனால், ஏதோ ஒரு நிபந்தனையை நீ இன்னும் பயன்படுத்தவில்லை என்று அர்த்தம். நான்காவது வரி மறந்து நிற்கும்போது உன்னைக் காப்பாற்றும் கேள்வி இதுதான்: கொடுத்த தகவல்களில் நான் இன்னும் பயன்படுத்தாதது எது?

நான்காவது இடம்: கூட்டுவது. நீ வளையத்துக்கு மாற வேண்டிய இடத்தில் உருளையோடு நின்றுவிட்டாய். πr² × v என்று எழுதியிருக்கிறாய். அது r ஆரத்துக்குள் உள்ள திரவம் முழுவதும் ஒரே வேகத்தில் போகிறது என்று சொல்வதாகும். ஆனால் வேகம் இடத்துக்கு இடம் வேறுபடுகிறது என்பதைத்தானே இவ்வளவு நேரம் நிறுவினோம்? வேகம் ஒன்றாக இருப்பது ஒரே r உள்ள இடங்களில் மட்டும், அதாவது ஒரு மெல்லிய வளையத்தில். ஆகவே இங்கே வளையம்.

முதலில் ஏன் திண்ம உருளை, இப்போது ஏன் வளையம் என்ற கேள்விக்கு விடை இதுவே. விசையைக் கணக்கிடும்போது உருளைக்குள் இருக்கும் திரவத்தின் வேகம் எப்படி வேறுபட்டாலும் கவலையில்லை. மொத்தத் தள்ளலும் வெளிப்பரப்பின் உராய்வும் போதும். பருமனைக் கணக்கிடும்போது வேகமே நேரடியாகப் பெருக்கலில் வருகிறது; ஆகவே வேகம் மாறாத துண்டுதான் வேண்டும். இந்த இடத்தில் இரண்டாவது படம் ஒன்றை, குழாயின் குறுக்குவெட்டை, சிறியதாக வரைந்து வளையத்தைக் குறித்துவிடு.

வளையத்தின் பரப்பு 2πr dr. ஒரு விநாடியில் அதன் வழியே போகும் பருமன்

dV = 2πr v dr = (πP/2ηl)(a²r − r³) dr

r-ஐ 0 முதல் a வரை தொகையிட்டால், அடைப்புக்குள் a⁴/2 − a⁴/4, அதாவது a⁴/4 கிடைக்கும். ஆகவே

V = πPa⁴ / 8ηl

தொகையிடும்போது a ஒரு மாறிலி என்பதை மறக்காதே. a²r-இன் தொகை a²r²/2. இங்கே a-வையும் மாறியாக நினைத்து a³/3 என்று எழுதுபவர்கள் உண்டு. 2πr-இல் உள்ள r-ஐ மறந்துவிடுபவர்களும் உண்டு. அவர்களுக்கு a³ வரும். பரிமாணத்தைப் பார்த்தால் உடனே பிடிபட்டுவிடும்: V-க்கு L³ T⁻¹ வர வேண்டிய இடத்தில் L² T⁻¹ வந்து நிற்கும்.

ஆனால் 8 சரியா என்பதைப் பரிமாணம் சொல்லாது. அதற்கு வேறொரு சோதனை உண்டு. அச்சில் வேகம் Pa²/4ηl. சராசரி வேகம் V-ஐக் குழாயின் குறுக்குவெட்டுப் பரப்பால் வகுத்தது, அதாவது Pa²/8ηl. சராசரி, உச்சத்தில் சரியாகப் பாதி. வட்டக் குழாயில் வேகம் பரவளைய வடிவில் மாறும்போது இந்தப் பாதி எப்போதும் வரும். உனக்கு வந்த சராசரி உச்சத்தைவிட அதிகமாக இருந்தால், எங்கோ பெருக்கலில் தவறு என்று அர்த்தம். இந்தச் சோதனைக்கு அரை நிமிடம் போதும்.

எண்களைப் போட்டும் ஒரு முறை பார்த்துவிடு. ஆய்வகத்தில் நீ கையாளும் அளவிலேயே சொல்கிறேன். ஆரம் 0.5 மி.மீ., நீளம் 20 செ.மீ. உள்ள நுண்புழைக் குழாய், 20 செ.மீ. உயர நீர்மட்டம் தரும் அழுத்தம், அதாவது 1960 பாஸ்கல். நீரின் பாகியல் எண் 0.001 பாஸ்கல் விநாடி. கணக்கிட்டால் ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 0.24 கன செ.மீ. வரும். நிமிடத்துக்குப் பதினான்கு கன செ.மீ.; பீக்கரில் பிடித்து அளக்கக்கூடிய அளவு. சராசரி வேகம் விநாடிக்கு 31 செ.மீ. அளவில் வரும். அதிலிருந்து ரெனால்ட்ஸ் எண் 300 சொச்சம். சுழல் ஓட்டம் தொடங்கும் 2000 என்ற அளவைவிட மிகக் குறைவு. ஆகவே வரிச்சீர் ஓட்டம் என்று அனுமானித்தது இந்தக் குழாய்க்குப் பொருந்துகிறது. நம் வீட்டுத் தண்ணீர்க் குழாய்க்கு இதே சமன்பாட்டைப் போட்டால் நடைமுறைக்கு ஒவ்வாத வேகம் வரும். காரணம் வருவித்தல் தவறு என்பதல்ல. அங்கே ஓட்டம் வரிச்சீராக இல்லை. ஓர் அனுமானம் உடைந்தால் எந்த வரி செல்லாமல் போகிறது என்று சொல்லத் தெரிந்தால், வாய்மொழித் தேர்விலும் நீ தயங்க வேண்டியதில்லை.

இனி தேர்வறை. மூன்று மணி நேரத்தில் 75 மதிப்பெண் என்றால், பத்து மதிப்பெண் கேள்விக்கு 24 நிமிடம். முதல் மூன்று நிமிடத்தைச் சோதனைப் பகுதிக்கு ஒதுக்கு: கடைசி விடை, எழுத்துகளின் பட்டியல், நான்கு இடங்களுக்கும் ஒவ்வொரு வரி. வீணான நேரம் என்று தோன்றும். நான்காவது வரியில் பத்து நிமிடம் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைவிட இது மிகவும் மலிவு.

அப்படியும் நடுவில் நின்றுவிட்டால் என்ன செய்வது? v-க்கான கோவை வரவேயில்லை என்று வைத்துக்கொள். ஐந்து வரி இடம் விடு. கீழே, "சுவரில் v = 0 என்ற நிபந்தனையால் v = (P/4ηl)(a² − r²) எனக் கொண்டு" என்று வெளிப்படையாக எழுதிவிட்டு, வளையத்திலிருந்து தொடர். படிக்குப் படி மதிப்பெண் தருபவர் பிற்பகுதிக்கான மதிப்பெண்ணைத் தருவதற்கு வழி இருக்கிறது. அதே கோவையை, முந்தைய வரியிலிருந்து வந்ததுபோல் பொய்யான இரண்டு வரிகளை நடுவில் செருகி எழுதினால், அந்தச் செருகல் கண்ணில் பட்ட பிறகு கீழே உள்ள சரியான வரிகளையும் சந்தேகத்தோடுதான் படிப்பார்கள். மேலும் இது நேர்மையின்மையும்கூட. வராததை வரவில்லை என்று விட்டுவிடு.

வீட்டில் படிக்கும் முறையையும் மாற்ற வேண்டும். புத்தகத்தைப் பார்த்து ஐந்து முறை எழுதுவதை நிறுத்து. ஒரு முறை படித்துவிட்டு மூடு. சிறிய தாளில் நான்கு முடிவுகளை மட்டும், சமன்பாடு எதுவும் இல்லாமல், தமிழ் வாக்கியங்களாக எழுது. "அச்சைச் சுற்றி r ஆரமுள்ள திண்ம உருளை. முடுக்கம் இல்லை, ஆகவே தள்ளலும் இழுப்பும் சமம். சுவரில் வேகம் சுழி. பருமனுக்கு வளையம் வளையமாகக் கூட்டுதல்." அவ்வளவுதான். மறுநாள் அந்தத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு முழு வருவித்தலையும் எழுதிப் பார். எங்கே நிற்கிறாயோ அந்த இடத்துக்கு மட்டும் புத்தகத்தைத் திற. கல்லூரியில் ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருந்தாலும், முடிவுகளை முதலில் தமிழில் எழுதிப் பார்ப்பதில் தயங்காதே. எந்த மொழியில் உனக்குக் காரணம் புரிகிறதோ அந்த மொழியில் யோசி. பிறகு தேர்வு மொழியில் எழுது.

புரிந்ததா, மனப்பாடமா என்று பிரித்தறிய ஒரே வழி, கணக்கைச் சற்றே மாற்றிப் பார்ப்பது. உனக்கு ஒரு பயிற்சி தருகிறேன். குழாய்க்குப் பதிலாக, d இடைவெளியில் இணையாக வைத்த இரண்டு தட்டையான தகடுகள். அகலம் b, நீளம் l. d-யைவிட b மிகப் பெரியது, ஆகவே பக்கவாட்டு ஓரங்களை மறந்துவிடலாம். நடுத்தளத்திலிருந்து இருபுறமும் y தூரம் வரையுள்ள திரவப் பட்டையைப் பிரித்தெடு. தள்ளும் முகத்தின் பரப்பு 2yb. உராயும் பரப்புகள் இப்போது மேலே ஒன்று, கீழே ஒன்று, மொத்தம் 2bl. தகட்டில், அதாவது y = d/2 என்ற இடத்தில், வேகம் சுழி. கூட்டும்போது வளையம் இல்லை. b அகலமும் dy தடிமனும் உள்ள மெல்லிய அடுக்கு. y-ஐ −d/2 முதல் +d/2 வரை கொண்டுபோக வேண்டும். சரியாகச் செய்தால்

V = Pbd³ / 12ηl

என்று வரும். உனக்கு 24 வந்தால் பாதி இடைவெளியை மட்டும் கூட்டியிருக்கிறாய். சராசரி வேகம் இங்கே உச்சத்தில் பாதி அல்ல, மூன்றில் இரண்டு பங்கு. ஏன் மாறியது என்பதையும் யோசித்து எழுது. வட்டக் குழாயில் சுவரை ஒட்டிய மெதுவான வளையங்களுக்குப் பரப்பு அதிகம். தகடுகளுக்கு இடையே எல்லா அடுக்குக்கும் ஒரே பரப்பு. இங்கிருந்து தொடங்கினால் விடை கிடைத்துவிடும்.

இது வந்துவிட்டால், உன் பாடத்திட்டத்தில் அடுத்து இருக்கும் ஒருமுனை பொருத்திய சட்டத்துக்குப் போ. அதிலும் இதே கேள்விகளைக் கேள். பிரித்தெடுப்பது: பொருத்திய முனையிலிருந்து x தூரத்தில் உள்ள ஒரு வெட்டு. சமநிலை: எடை தரும் வளைக்கும் திருப்புத்திறன் W(l − x), சட்டத்தின் உள்திருப்புத்திறனுக்குச் சமம். எல்லை: பொருத்திய முனையில் இறக்கமும் சுழி, சாய்வும் சுழி. இங்கே இரண்டு முறை தொகையிடுகிறோம், ஆகவே நிபந்தனையும் இரண்டு வேண்டும். இரண்டையும் அந்த ஒரே முனை தருகிறது. நான்காவது கேள்விக்கு இங்கே வேலை இல்லை. முனையின் இறக்கம் Wl³/3YI என்பது x-க்குப் பதில் l-ஐப் போட்டாலே வந்துவிடும். எல்லா வருவித்தலுக்கும் நான்கு இடங்கள் என்று கணக்கு வைத்துக்கொள்ளாதே. சிலவற்றுக்கு மூன்று, சிலவற்றுக்கு ஆறு. எத்தனை என்று எண்ணிப் பார்ப்பதுதான் படிப்பதன் முதல் வேலை.

தகடுகளின் கணக்கை எழுதி அனுப்பு. அடித்தல் திருத்தல்களோடு அப்படியே அனுப்பு. நீ எந்த வரியில் நின்றாய் என்று எனக்குத் தெரிய வேண்டும்.